போக்கை நிறுத்தும் மாத்திரை: அன்று பேரனுக்கு, இன்று தாத்தாவுக்கு

"அண்ணே, வயிறு சுருட்டிச் சுருட்டிப் பிடிக்குது. பேதியும் நிக்கல. ஏதாவது பார்த்துக் குடுங்க."

மெடிக்கல் ஷாப்பில் இப்படிக் கேட்பவர் கைக்குப் பெரும்பாலும் இரண்டு வகை மாத்திரை வந்துசேரும். ஒன்று பேதியை நிறுத்தும் லோபெரமைடு. இன்னொன்று பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமின். இது தனியாக வருவதைவிட பாராசிட்டமாலோடோ மெஃபெனமிக் அமிலத்தோடோ சேர்ந்து வருவதே அதிகம். சீட்டு யாரும் கேட்பதில்லை. வாங்க வந்தவர் யாருக்காக வாங்குகிறார் என்றும் கேட்பதில்லை. வீட்டில் படுத்திருப்பது இருபத்தைந்து வயது மகனா, எழுபது வயது அப்பாவா என்பது கடைக்காரருக்குத் தெரியாது. அந்த ஒரு விவரத்தைப் பொறுத்துத்தான் அந்த மாத்திரை மருந்தா, வம்பா என்பது முடிவாகிறது.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதே மாத்திரைகளைப் பற்றிய கவலை முழுக்கக் குழந்தைகளைப் பற்றியதாக இருந்தது. அந்தக் கவலைக்குப் பலன் கிடைத்தது, சட்டமும் வந்தது. ஆனால் மாத்திரைகள் போய்விடவில்லை. அவை ஆபத்தாகும் ஆள்தான் மாறியிருக்கிறார்.

பேதியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை பழையது. அதற்கு மிகப் பழைய மருந்து அபின். குடலின் அசைவை அபின் அளவுக்கு அடக்கிவைக்கும் பொருள் வேறு எதுவும் மனிதருக்குத் தெரிந்திருக்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியப் படையில் மருத்துவராக இருந்த ஜான் காலிஸ் பிரவுன் 1848-இல் காலராவுக்கென்று 'குளோரோடைன்' என்ற கலவையைச் செய்தார். அபின் கரைசல், கஞ்சாச் சாறு, குளோரோஃபார்ம் எல்லாம் அதில் இருந்தன. நோயாளிக்கு வலி போகும், தூக்கம் வரும், போக்கும் குறையும். பார்ப்பவர்களுக்கு நோய் தணிந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் காலராவில் ஆளைக் கொல்வது போக்கு அல்ல, உடம்பை விட்டு நீரும் உப்பும் போவது. குடலின் அசைவை அடக்கினாலும் குடல் சுவரிலிருந்து நீர் கசிவது நிற்பதில்லை. வெளியே வராத நீர் உள்ளேயே தேங்கும். இரத்தத்துக்கு அது திரும்பக் கிடைக்காது. அதனால் போக்கு நின்றபின்னும் நாடி இறங்கிக்கொண்டே போகும்.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் கதை முழுவதும் எளிது. பேதியை நிறுத்தும் மருந்து நிறுத்துவது நம் கண்ணுக்குத் தெரிவதை. உடம்பு இழப்பது வேறு கணக்கு.

அபினின் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு கெட்டதைத் தள்ள முடியுமா என்று தேடியவர்களில் முக்கியமானவர் பெல்ஜியத்து மருத்துவர் பால் ஜான்சன். பேர்சே என்ற சிற்றூரில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து 1956-இல் டைஃபெனாக்ஸிலேட் வந்தது. அட்ரோபின் சிறிது சேர்த்து 'லோமோட்டில்' என்ற பெயரில் அது உலகெங்கும் விற்றது. அட்ரோபின் சேர்த்தது நோய்க்காக அல்ல. போதைக்காக யாராவது அள்ளி விழுங்கினால் வாய் வறண்டு, நெஞ்சு படபடத்து, அவரே வெறுத்து நிறுத்திவிடட்டும் என்பதற்காக. 1969-இல் அதே கூடத்தில் லோபெரமைடு உருவானது. இதுவும் அபின் குடும்பத்துச் சரக்குதான். குடல் நரம்புகளில் அபின் போய் அமரும் அதே இடங்களில் போய் அமர்கிறது. வித்தியாசம் என்னவென்றால் மூளைக்குள் நுழையப் பார்க்கும் லோபெரமைடை அங்குள்ள ஒரு புரதம் திரும்ப வெளியே தள்ளிவிடுகிறது. குடலில் அபின், தலையில் ஒன்றுமில்லை. மருந்தியலில் இது சாமர்த்தியமான வேலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிடிப்பு மாத்திரை வேறு வம்சம். பெல்லடோனா என்ற செடியின் சாற்றை ஐரோப்பாவில் வயிற்றுப் பிடிப்புக்கு வெகுகாலம் கொடுத்துவந்தார்கள். அதன் வேலையைச் செயற்கையாகச் செய்யும் மருந்தாக 1950-களில் டைசைக்ளோமின் புழக்கத்துக்கு வந்தது. குடல் தசைக்கு "சுருங்கு" என்று நரம்பு சொல்லும் சேதியை இது வழியிலேயே மறித்துவிடும். வலி தளரும். ஆனால் அதே சேதியை நம்பி வேலை செய்யும் இடங்கள் உடம்பில் இன்னும் பல இருக்கின்றன: உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி, கண்மணி, சிறுநீர்ப்பை, மூளையில் நினைவைப் பார்த்துக்கொள்ளும் பகுதி. மருந்துக்கு வயிறு எது, மற்றது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இப்போது குழந்தைகள் கதைக்கு வருவோம். 1980-களில் லோபெரமைடு சொட்டு மருந்தாகவும் வந்தது. கைக்குழந்தைக்குப் பேதி என்றால் தாய் பதறுவாள். பதறிய தாய்க்குச் சொட்டு மருந்து புட்டி பெரிய ஆறுதல். பிள்ளைக்கு ஜாதிக்காயை இழைத்து நாக்கில் தடவிய பாட்டியின் இடத்தில் அந்தப் புட்டி வந்து உட்கார்ந்தது. ஆனால் கைக்குழந்தையின் மூளைக்குப் பெரியவர்களுக்கு இருப்பதுபோன்ற காவல் முழுதாக அமைந்திருப்பதில்லை. அதன் குடலோ சற்றே கூடுதல் மருந்துக்கும் அசைவை அடியோடு நிறுத்திவிடும். அப்போது வயிறு மத்தளமாக உப்பும், பிள்ளை பச்சையாக வாந்தி எடுக்கும், தூங்கித் தூங்கி விழும், மூச்சு மெலியும். பாகிஸ்தானில் இப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றியும் அவர்களில் சிலர் இறந்ததைப் பற்றியும் 1990-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் செய்தி வந்தது. அந்த ஆண்டிலேயே தயாரிப்பாளர் சொட்டு மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். திடீர் வயிற்றுப்போக்கில் குழந்தைகளுக்கு இந்த வகை மருந்துகளுக்கு இடமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் அந்த ஆண்டு தெளிவாக எழுதியது. இந்தியாவிலும் லோபெரமைடு, டைஃபெனாக்ஸிலேட், அட்ரோபின், பெல்லடோனா சேர்ந்த குழந்தைகளுக்கான பேதி மருந்துகள் தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலில் ஏறின.

டைசைக்ளோமினுக்கும் இதே கதை நடந்தது. விடாமல் அழும் பச்சிளங்குழந்தையின் வயிற்று வலிக்கு அதைக் கொடுத்துவந்தார்கள். சில குழந்தைகளுக்கு மூச்சு நின்றது, வலிப்பு வந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்பது இன்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. பால் கொடுக்கும் தாயும் அதை எடுக்கக் கூடாது. பாலோடு அது பிள்ளைக்குப் போகும். வீட்டில் புட்டியில் மிச்சம் இருக்கிறதே என்று அடுத்த பிள்ளைக்கு ஊற்றும் வழக்கம் இருப்பதால் இதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்து போன இடத்தில் வெறுமை வந்திருந்தால் அந்தத் தடை நிலைத்திருக்காது. நல்லவேளையாக அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உப்பு சர்க்கரைக் கரைசல் வந்துவிட்டது. 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையில் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. சிரைவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மகாலனபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் அளந்து நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தவர்களில் சாவு நூற்றுக்கு மூன்று நான்கு என்ற அளவுக்கு இறங்கியது. குடல் கசிந்துகொண்டிருக்கும்போதே, உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்திருந்தால், நீரை அது உறிஞ்சவும் செய்யும் என்பதுதான் அதன் அடிப்படை. போக்கு நிற்காது, ஆள் பிழைத்துக்கொள்வார். இன்று பேதியோடு ஒரு குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனால் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் 14 நாளுக்குத் துத்தநாக மாத்திரையும் கிடைக்கும். போக்கை நிறுத்தும் மருந்து கிடைக்காது. பேரன் விஷயத்தில் நாடு கற்றுக்கொண்டுவிட்டது.

தாத்தா விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. காரணம் எளிது. அன்று எழுபது வயதைத் தாண்டியவர் வீட்டுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். தாண்டியவரும் தினசரி மாத்திரை எதுவும் சாப்பிடாதவராக இருப்பார். இன்று எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, ராத்திரி சிறுநீர்த் தொந்தரவுக்கு ஒன்று என்று பெரியவரின் மாத்திரை டப்பா இருக்கிறது. அந்த டப்பாவுக்குப் பக்கத்திலேயே அவசரத்துக்கு என்று பிடிப்பு மாத்திரை அட்டையும் கிடக்கிறது. குழந்தைக்குச் சட்டம் காவல் இருக்கிறது. இவருக்கு அப்படி எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. ஏனென்றால் இதே மாத்திரைகள் திடமான ஒரு இளைஞருக்குப் பயன்படும் மாத்திரைகள்தான்.

ஒரு இரவு எப்படிப் போகும் என்று பார்ப்போம். இது ஒரு குறிப்பிட்ட ஆளின் கதை அல்ல. வழக்கமாக எப்படிக் கெடும் என்பதைக் காட்டச் சேர்த்துச் சொல்வது.

அவருக்கு வயது 68. புரோஸ்டேட் வீக்கம், இரவில் டாம்சுலோசின் எடுக்கிறார். காலையில் ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டானும் சிறுநீரைக் கூட்டும் ஒரு மருந்தும் சேர்ந்த மாத்திரை. கல்யாண வீட்டில் இரவுச் சாப்பாடு. பதினொரு மணிக்கு வயிறு கலக்குகிறது. இரண்டு மணிக்குள் ஆறு தடவை தண்ணீராகப் போய்விட்டது, நடுவில் வயிறு சுருட்டிப் பிடிக்கிறது. காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை. மகன் அலமாரியிலிருந்து இரண்டு லோபெரமைடும், மெஃபெனமிக் அமிலம் 250 மில்லிகிராமும் டைசைக்ளோமின் 10 மில்லிகிராமும் சேர்ந்த பிடிப்பு மாத்திரை ஒன்றும் எடுத்துக் கொடுக்கிறார். மூன்றரைக்கு இன்னொரு தடவை போகிறது. இன்னும் ஒரு லோபெரமைடு, இன்னும் ஒரு பிடிப்பு மாத்திரை. லோபெரமைடு உச்ச அளவுக்கு வர நான்கைந்து மணி நேரம் ஆகும் என்பதை அந்த நேரத்தில் யார் யோசிப்பார்கள்? ஐந்து மணிக்குப் போக்கு நிற்கிறது. வீடு நிம்மதியாகத் தூங்குகிறது.

எட்டு மணிக்கு அவருக்கு அடிவயிற்றில் வலி. "மாமா, வலி இன்னும் போகலையா? இன்னொண்ணு போட்டுக்குங்க" என்று மருமகள் அக்கறையோடு மூன்றாவது பிடிப்பு மாத்திரையை நீட்டுகிறார். வழக்கமான ரத்த அழுத்த மாத்திரையும் உள்ளே போகிறது. ராத்திரியிலிருந்து குடித்தது இரண்டு காபி. மதியம் சிறுநீர் கழிக்கப் போனால் சொட்டுச் சொட்டாக வருகிறது. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை, பொறுமை இழக்கிறார். மாலையில் மகனைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், சுவரில் ஏதோ ஊர்கிறது என்கிறார். "ராத்திரி பூரா போனதுல அசதி, தூங்கினா சரியாயிடும்" என்று ஒரு பெரியம்மா சொல்கிறார்.

ஆஸ்பத்திரியில் சிறுநீர்க் குழாய் போட்டபோது முக்கால் லிட்டர் வெளியேறியது. நம் சிறுநீர்ப்பை முந்நூறு, நானூறு மில்லிக்கே "போதும்" என்று சொல்லிவிடும். காலையில் வந்த அந்த அடிவயிற்று வலி குடலின் பிடிப்பு அல்ல. நிரம்பி, திறக்க வழியில்லாமல் உப்பிய சிறுநீர்ப்பையின் வலி. அதற்கு மருந்து என்று கொடுத்தது அதை இன்னும் திறக்கவிடாமல் செய்யும் மாத்திரை. இந்தச் சுழலில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். புரோஸ்டேட் ஏற்கெனவே வழியைக் குறுக்கியிருக்கிறது. குறுகிய வழியில் தள்ளுவதற்குச் சிறுநீர்ப்பைத் தசை கூடுதல் பலத்தோடு சுருங்கியாக வேண்டும். டைசைக்ளோமின் அந்தச் சுருக்கத்தையே தளர்த்திவிட்டது. மனக்குழப்பத்துக்கும் அதே மருந்து பாதிப் பொறுப்பு. முதியவர்களுக்குக் கூடுமானவரை கொடுக்கக் கூடாத மருந்துகளைத் தொகுத்த அமெரிக்காவின் பீர்ஸ் பட்டியலில் டைசைக்ளோமின் இருப்பதற்கு இதுவும் காரணம். மீதிப் பொறுப்பு நீரிழப்புக்கு.

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினினும் ஏறியிருந்தது. இங்கே குற்றவாளி அந்த மாத்திரையின் மற்ற பாதி. மெஃபெனமிக் அமிலம் வலி நிவாரணி வகையைச் சேர்ந்தது. உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகம் தனக்கு வரும் ரத்தத்தைக் குறையாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது; இந்த வகை வலி நிவாரணிகள் அந்த ஏற்பாட்டை முடக்கிவிடும். டெல்மிசார்ட்டான் இன்னொரு பக்கத்திலிருந்து அதே ஏற்பாட்டில் கை வைக்கும். சிறுநீரைக் கூட்டும் மருந்து இருக்கிற நீரையும் வெளியேற்றப் பார்க்கும். மூன்றும் சேர்ந்து நீர் வற்றிய உடம்பில் போய்ச் சேர்ந்தால் சிறுநீரகம் திணறும். இதைவிட எனக்கு விசித்திரமாகப் படுவது வேறொன்று: மெஃபெனமிக் அமிலத்தின் பக்க விளைவுகளில் வயிற்றுப்போக்கும் ஒன்று. மாதவிடாய் வலிக்கென்று வந்த மாத்திரை பேதிக்கும் கைவாகாகிவிட்டது. இதில் அட்டையில் இருக்கும் 'ஸ்பாஸ்' என்ற வால்தான் ஆளை ஏமாற்றுகிறது. அரிதாக உடம்பெல்லாம் தடிப்பும் காய்ச்சலுமாக, உள்ளுறுப்புகளையும் தாக்கும் ஒவ்வாமையை இந்த அமிலம் உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தக ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் எச்சரிக்கை வெளியிட்டதும் நினைவிருக்கலாம்.

பேதியோடு இருக்கும் பெரியவருக்குச் சிறுநீர் வரவில்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, உடம்பில் நீர் இல்லாததால் சிறுநீரே உற்பத்தியாகவில்லை. மற்றது, உற்பத்தியாகித் தேங்கி நிற்கிறது. இரண்டையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும். நீர் இல்லாதவருக்கு சிறுநீர் முட்டும் உணர்வு இருக்காது. அடிவயிறு தொட்டால் மெத்தென்று இருக்கும். எழுந்து நின்றால் தலை சுற்றும். தேங்கியவருக்கு முட்டிக்கொண்டு வரும், போனால் சொட்டும். தொப்புளுக்குக் கீழே கெட்டியாக ஒரு வீக்கம் தெரியும், அதை அழுத்தினால் துடிப்பார். வாய் வறட்சியை மட்டும் நம்ப வேண்டாம். டைசைக்ளோமின் சாப்பிட்ட யாருக்கும் நீர் போதுமான அளவு இருந்தாலும் வாய் வறளும். தேங்கியவருக்குக் குழாய் போட்டாக வேண்டும், அது ஆஸ்பத்திரி வேலை. அவருக்கு மேலும் மேலும் தண்ணீர் கொடுப்பது வேதனையைத்தான் கூட்டும்.

அந்த இரவில் அவருக்கு வேண்டியிருந்தது என்ன? ஒரு லிட்டர் நீரில் கரைத்த ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ்.; ஒவ்வொரு தடவை போனபின்னும் ஒரு டம்ளர், வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு ஒவ்வொரு ஸ்பூனாக. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டையும் தலை தட்டி அளக்க வேண்டும். பிடிப்பு தாங்க முடியவில்லை என்றால் அளவோடு தனிப் பாராசிட்டமால். காலை ரத்த அழுத்த மாத்திரையை அன்று எடுக்கலாமா என்று மருத்துவருக்கு ஒரு போன். லோபெரமைடைக்கூட அவருக்கு முழுக்க விலக்க வேண்டியதில்லை. ஆனால் வயதும் மற்ற மாத்திரைகளும் இருக்கும்போது அதைக் கேட்டுக்கொண்டு எடுப்பது நல்லது. பிடிப்பு மாத்திரைதான் அந்த வீட்டில் அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

புரோஸ்டேட் ஒரு உதாரணம்தான். கண்ணில் நீரழுத்த நோய் இருப்பவர்களுக்கு, குறிப்பாகக் கண்ணின் வடிகால் கோணம் குறுகியவர்களுக்கு, டைசைக்ளோமின் கண்மணியை விரித்து அந்த வடிகாலை அடைத்துவிடலாம். விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும், கண் சிவந்து வலிக்கும், அன்றே பார்க்காவிட்டால் பார்வை போகலாம். தசைச் சோர்வு நோயான மயஸ்தீனியா உள்ளவர்களுக்கும் ஆகாது. கோடையில் வெயிலில் வேலை செய்பவர் இதை எடுத்தால் வியர்வை குறைந்து உடம்பு சூடேறும். சளி, தும்மலுக்குக் கொடுக்கும் பழைய வகை மாத்திரைகளும், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் இதே வழியில் வேலை செய்பவை; இவற்றோடு சேர்ந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும்.

லோபெரமைடைத் தொடக் கூடாதவர்களை அறிய ஒரே கேள்வி பெரும்பாலும் போதும்: மலத்தில் ரத்தமோ, கூடவே நல்ல காய்ச்சலோ இருக்கிறதா? இருந்தால் அது சாதாரணப் பேதி அல்ல, குடல் சுவரைக் கிருமி அரிக்கிறது. சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவைத் தாங்களாகவே முன்வந்த சிலருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1973-இல் வெளியானது. அதில் லோமோட்டில் எடுத்தவர்களுக்குக் காய்ச்சல் நீண்டது. கிருமியை வெளியே தள்ளும் வேலையைக் குடல் செய்துகொண்டிருக்கும்போது அதன் கையைக் கட்டிப்போட்டதன் விளைவு. ஆன்டிபயாட்டிக் எடுத்து முடித்த சில நாட்களில் வரும் பேதியிலும், குடல் புண் நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பொங்கும் நேரத்திலும் இதே பயம் உண்டு. பெருங்குடல் அசைவற்று பலூனாக வீங்கி வெடிக்கும் அபாயம்கூட இருக்கிறது. அப்போது போக்கு குறைந்து, வயிறு உப்பி, காய்ச்சல் ஏறும். 'போக்கு நின்றுவிட்டது' என்று சந்தோஷப்படும் நேரத்தில் ஆள் இன்னும் மோசமாகத் தெரிந்தால் நம்ப வேண்டியது ஆளைத்தான்.

அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சீட்டில்லாமல் எடுப்பவருக்கு முதலில் இரண்டு, பிறகு ஒவ்வொரு தடவை போனபின் ஒன்று, ஒரு நாளைக்கு 2 மில்லிகிராம் மாத்திரை நான்குக்கு மேல் கூடாது, இரண்டு நாளுக்கு மேல் தொடரக் கூடாது என்பது பல நாடுகளில் பொட்டலத்திலேயே இருக்கும் வரம்பு. மருத்துவர் கண்காணிப்பில் எட்டு வரை போவதுண்டு. மூளைக்குள் விடாமல் தள்ளும் அந்தக் காவலை மீற அமெரிக்காவில் சிலர் ஐம்பது, நூறு என்று விழுங்கத் தொடங்கினார்கள். அபின் பழக்கத்தின் வாதையைத் தணிக்கக் கிடைத்த மலிவான வழி அது. காவல் ஓரளவு மீறப்பட்டது, ஆனால் இதயத்தின் மின்னோட்டம் கெட்டது. 2016-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. நம் ஊரில் அந்தப் பழக்கம் பரவியதாகத் தெரியவில்லை. ஆனால் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளும் பூஞ்சை மாத்திரைகள் சிலவும் லோபெரமைடின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டியதுதான்.

இவ்வளவு சொன்னதால் இது விஷம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரயிலில் பதினாறு மணி நேரம் போக வேண்டிய, காய்ச்சலோ ரத்தமோ இல்லாத, முப்பது வயதுக்காரருக்கு லோபெரமைடு நல்ல மருந்து. குடலில் பெரும்பகுதியை வெட்டியெடுத்தவர்களுக்கும், வயிற்றில் துளை வைத்துப் பை கட்டியிருப்பவர்களுக்கும், சில புற்றுநோய் மருந்துகளால் பேதி வருபவர்களுக்கும் அது இல்லாமல் நாள் ஓடாது. வேறு நோய் எதுவும் இல்லாத இளையவருக்கு அடிக்கடி வரும் குடல் பிடிப்புக்கு மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் பிடிப்பு மாத்திரையும் உதவும். மருந்து மோசம் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது மாறியிருக்கும் இன்னொன்று ஓ.ஆர்.எஸ். என்ற பெயரே. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் சர்க்கரை பதின்மூன்றரை கிராம் குளுக்கோஸ்தான். கூட உப்பு 2.6 கிராம், பொட்டாசியம், சிட்ரேட். சில ஆண்டுகளாக அதே பெயரைப் பெரிதாக அச்சிட்டு, இதைவிடப் பல மடங்கு சர்க்கரையோடு பழச்சுவைப் பானங்கள் பெட்டிப்பெட்டியாக விற்றன. அதிகச் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டவே செய்யும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அளவுக்கு ஒத்துவராத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. கடையில் 'ஓ.ஆர்.எஸ். குடுங்க' என்று கேட்டால் தூள் பொட்டலமாகக் கேளுங்கள். பின்பக்கம் குளுக்கோஸ் அளவைப் பாருங்கள்.

மாத்திரைக்குப் பின்பக்கம் பார்ப்பது இன்னும் கடினம். நம் ஊரில் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து இரண்டு கொடுப்பதுதான் வழக்கம். மருந்தின் பெயரும் எச்சரிக்கையும் எந்தத் துண்டில் போய்ச் சேரும் என்பது கத்தரி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் துண்டு கைக்கு வருமுன் கடைக்காரரிடம் முழு அட்டையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பெயரைப் படித்துக்கொள்ளலாம், அல்லது போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். "அப்பாவுக்கு, வயசு அறுபத்தெட்டு, புரோஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடறார்" என்று மூன்று விவரம் சொன்னால் கொஞ்சம் விஷயம் தெரிந்த மருந்தாளர் பிடிப்பு மாத்திரையை எடுத்த கையை அப்படியே நிறுத்திவிடுவார்.